ஒரே என்ட்ரி, மூன்று டார்கெட்: எதில் அதிகம் மிஞ்சும்?

ஒரு டிரேடில் ஒன்றை இழக்கத் தயாரானால் குறைந்தது மூன்று கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று ஒரு சாரார் சொல்வார்கள். டார்கெட் சின்னதாக இருந்தால் என்ன, பத்துக்கு ஆறு ஏழு ஜெயித்துவிட்டால் போதுமே என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேரும் சொல்வது பாதிக் கணக்கு. முதலாமவர் ரிஸ்க்-ரிவார்டு விகிதத்தை மட்டும் பார்க்கிறார், இரண்டாமவர் வெற்றி விகிதத்தை மட்டும். கையில் என்ன மிஞ்சும் என்பது இரண்டையும் சேர்த்தால்தான் தெரியும். அந்தச் சேர்ந்த கணக்குக்குத்தான் எக்ஸ்பெக்டன்சி என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என்ட்ரி விதி தயார். ஸ்டாப் லாஸ் எங்கே என்பதும் தயார். டார்கெட்டை எங்கே வைப்பது? ரிஸ்க் அளவுக்கே வைப்பதா, அதைப் போல இரண்டு மடங்கா, மூன்று மடங்கா?

முதலில் அளவுகோல். என்ட்ரிக்கும் ஸ்டாப் லாஸுக்கும் நடுவே உள்ள தூரத்தை 1 ஆர் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் அடித்தால் 1 ஆர் போகும். இரண்டு மடங்கு டார்கெட் அடித்தால் 2 ஆர் வரும். பணத்தில் பேசாமல் ஆரில் பேசினால் பெரிய டிரேடு, சின்ன டிரேடு எல்லாம் ஒரே தராசில் வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான்:

```
E = (W × b) − (1 − W)
```

W என்பது வெற்றி விகிதம், b என்பது ஜெயித்தால் வரும் ஆர், E என்பது ஒரு டிரேடுக்குச் சராசரியாக மிஞ்சும் ஆர். E பூஜ்யமாக வேண்டும் என்றால் W எவ்வளவு இருக்க வேண்டும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால் 1/(1+b) என்று வரும். அதாவது 1 ஆர் டார்கெட்டுக்கு 50%, 2 ஆருக்கு 33.3%, 3 ஆருக்கு 25%.

பலரும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறார்கள். "மூன்று ஆர் வைத்தால் நாலில் ஒன்று ஜெயித்தால் போதுமாமே!" என்று சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் W, b இரண்டும் தனித்தனியாகத் திருப்பக்கூடிய குமிழ்கள் அல்ல. டார்கெட்டைத் தூரத் தள்ளினால் அதைத் தொடும் டிரேடுகளின் எண்ணிக்கை தானாகக் குறையும். எவ்வளவு குறையும்? விலை எந்தப் பக்கமும் சாயாமல், நாணயம் சுண்டுவது போல மேலும் கீழும் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் 1 ஆரைத் தொட 50% வாய்ப்பு, 2 ஆரைத் தொட 33.3%, 3 ஆரைத் தொட 25%. மேலே வந்த அதே எண்கள்தான்! சும்மா கண்ணை மூடிக்கொண்டு என்ட்ரி எடுப்பவருக்கு டார்கெட்டை எங்கே வைத்தாலும் E பூஜ்யம்தான், கமிஷன் கட்டினால் மைனஸ். ஆகவே நல்ல ரிஸ்க்-ரிவார்டு என்பது தன்னளவில் எதையும் உண்டாக்குவதில்லை. என்ட்ரிக்கு ஏதாவது சாமர்த்தியம் இருந்தால், அது எந்தத் தூரம் வரை நீடிக்கிறது என்பதுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க, டிரேடுகளைக் குறித்துவைக்கும் ஜர்னலில் ஒரே ஒரு நெடுவரிசையைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். ஒவ்வொரு சிக்னலுக்கும், விலை முதலில் வைத்த ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் அதிகபட்சம் எத்தனை ஆர் வரை போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் 1 ஆரிலேயே வெளியே வந்திருந்தாலும் விலையை விடாமல் பின்தொடர வேண்டும். ஒரே கேண்டிலுக்குள் ஸ்டாப்பும் டார்கெட்டும் இரண்டும் அடங்கியிருந்தால் எது முதலில் அடித்தது என்று கேண்டில் சொல்லாது. அப்போது சின்ன டைம்ஃபிரேமில் போய்ப் பார்க்கலாம், அல்லது ஸ்டாப்தான் முதலில் அடித்தது என்று எழுதிவிடலாம். மனசு எப்போதும் டார்கெட் பக்கம்தான் சாயும், அதனால் இந்த விஷயத்தில் கறாராக இருப்பது நல்லது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைத்தவை. 100 சிக்னல்கள். அவற்றில் 58, ஸ்டாப் அடிக்கும் முன் 1 ஆரைத் தொட்டன. 41 டிரேடுகள் 2 ஆர் வரை போயின. 29 டிரேடுகள் 3 ஆர் வரை போயின.

| டார்கெட் | வெற்றி | தற்செயலாக வந்திருக்கக்கூடியது | எக்ஸ்பெக்டன்சி |
|---|---|---|---|
| 1 ஆர் | 58% | 50% | 0.16 ஆர் |
| 2 ஆர் | 41% | 33.3% | 0.23 ஆர் |
| 3 ஆர் | 29% | 25% | 0.16 ஆர் |

மூன்றுமே லாபம். ஆனால் 58% ஜெயிக்கும் டிரேடரும் 29% மட்டும் ஜெயிக்கும் டிரேடரும் சராசரியாக ஒரே அளவு சம்பாதிக்கிறார்கள். நடுவில் இருப்பவர் அதிகம் எடுக்கிறார். ஏன் இப்படி?

டார்கெட்டைப் படிப்படியாக உடைத்துப் பார்த்தால் புரியும். விலை 1 ஆரில் நிற்கிறது, நாம் இன்னும் வெளியே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி 2 ஆருக்குப் போனால் கூடுதலாக 1 ஆர் கிடைக்கும். திரும்பி ஸ்டாப்புக்கு வந்தால், கையில் இருந்த 1 ஆரும் போய் மேலே இன்னொரு ஆரும் போகும். ஆக, ஒன்றுக்காக இரண்டைப் பணயம் வைக்கிறோம். இதற்கு மூன்றில் இரண்டு தடவையாவது விலை மேலே போக வேண்டும். 58 டிரேடில் அது 39. நம் பதிவில் 41 போயிருக்கின்றன. பிடித்து வைத்திருந்தது சரி. அடுத்த படியில் விலை 2 ஆரில் நிற்கிறது. 3 ஆருக்காகக் காத்திருப்பவர் ஒரு ஆருக்காக மூன்றைப் பணயம் வைக்கிறார். நாலில் மூன்று தடவை மேலே போக வேண்டும், அதாவது 41-ல் 31. போனதோ 29. இங்கே காத்திருந்ததில் நஷ்டம். டார்கெட் அடிக்கும் கணத்தில் 3 ஆர் பெரிய வெற்றியாகத் தெரிகிறது, ஆனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நடந்த அந்தத் தனிப் பேரம் மோசமான பேரம். "ஒன்றுக்கு மூன்று" என்று என்ட்ரியில் பேசுகிறவர்கள், வழியில் அந்த விகிதம் தலைகீழாக மாறுவதைக் கவனிப்பதில்லை.

லாபத்தில் இருக்கும்போது இரண்டையோ மூன்றையோ பணயம் வைப்பானேன், 1 ஆரைத் தொட்டதும் ஸ்டாப்பை என்ட்ரிக்கு நகர்த்திவிட்டால் போச்சு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, பலரும் செய்வதும்தான். ஆனால் அதையும் கணக்கில் போட வேண்டும். 1 ஆரைத் தொட்டுவிட்டு 2 ஆருக்குப் போகாமல் தோற்ற டிரேடுகள் 17. ஸ்டாப்பை நகர்த்தியிருந்தால் அவற்றில் 17 ஆர் மிச்சம். ஜெயித்த 41-ல், 1 ஆரைத் தொட்ட பிறகு 2 ஆருக்குப் போகும் வழியில் ஒரு முறை என்ட்ரி வரை இறங்கி வந்தவை 11 என்று வைத்துக்கொள்வோம். அவை எல்லாம் நம்மைப் பூஜ்யத்தில் வெளியே தள்ளிவிட்டு அப்புறம் மேலே போயிருக்கும். அதில் போனது 22 ஆர். நிகரமாக 5 ஆர் குறைவு; 0.23 என்பது 0.18 ஆகிறது. அந்த 11 என்ற எண் 8 ஆக இருந்திருந்தால் ஏறக்குறைய சமம், 5 ஆக இருந்திருந்தால் நகர்த்தியது லாபம். ஆக, ஸ்டாப்பை நகர்த்துவது பாதுகாப்பா இல்லையா என்பது கருத்து அல்ல, ஜர்னலில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

பாதியை 1 ஆரில் விற்றுவிட்டு மீதியை என்ட்ரி ஸ்டாப்புடன் 2 ஆருக்கு விடுகிறவருக்கும் இதே பதிவிலிருந்து விடை கிடைக்கும். முதல் பாதிக்கு 0.16, இரண்டாம் பாதிக்கு 0.18, சராசரி 0.17. இந்த வழியில் 100-ல் 58 டிரேடுகள் பச்சையில் முடியும், மனசுக்கு இதமாக இருக்கும். அந்த இதத்துக்கு விலை ஒரு டிரேடுக்கு 0.06 ஆர். கொடுக்கலாம், தப்பில்லை. கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

இதுவரை போட்டது சுத்தமான கணக்கு. நிஜத்தில் தோல்வி சரியாக 1 ஆரோடு நிற்காது. ஸ்டாப் அடிக்கும்போது விலை வேகமாக ஓடிக்கொண்டிருக்கும், நமக்குக் கிடைப்பது ஒரு சொட்டு மோசமான விலை, இதுதான் ஸ்லிப்பேஜ். டார்கெட்டை லிமிட் ஆர்டராக வைத்திருப்பதால் அந்தப் பக்கம் ஸ்லிப்பேஜ் கிடையாது. தோல்வி சராசரியாக 1.1 ஆர் என்றும், கமிஷன் போன்றவை ஒரு டிரேடுக்கு 0.05 ஆர் என்றும் போட்டால், 1 ஆர் டார்கெட்டில் 0.07 மிஞ்சுகிறது, 2 ஆரில் 0.12, 3 ஆரில் 0.04. சமமாக இருந்த முதலும் மூன்றும் இப்போது சமமில்லை. அதிகம் தோற்கும் வழிக்கு ஸ்லிப்பேஜ் அதிகம் கடிக்கிறது, காரணம் 58-க்கு எதிரே 42 தோல்வி, 29-க்கு எதிரே 71 தோல்வி.

இங்கே ஒரு பொறியைச் சொல்லிவிட வேண்டும். ரிஸ்க்-ரிவார்டை அழகாகக் காட்ட ஸ்டாப்பை நெருக்கி வைப்பவர்கள் உண்டு. டார்கெட்டை மாற்றாமல் ஸ்டாப்பைப் பாதியாக்கினால் 1:2 என்பது 1:4 ஆகிவிடும், காகிதத்தில். ஆனால் செலவு விலையின் சதவீதமாகத்தான் வருகிறது. ஸ்டாப் தூரம் விலையில் 0.4%, செலவு 0.02% என்றால் அது 0.05 ஆர். ஸ்டாப்பை 0.2% ஆக்கினால் அதே செலவு 0.1 ஆர். ஸ்லிப்பேஜும் அப்படியே இரட்டிப்பாகி 0.2 ஆருக்குப் போகும். சின்ன அசைவுக்கே ஸ்டாப் அடிப்பதால் வெற்றி விகிதமும் விழும். ஆக விகிதத்தை ஆர்டர் போட்ட விலையில் கணக்கிடாமல், நிஜமாக நிறைவேறிய விலையில், சராசரி லாபத்தைச் சராசரி நஷ்டத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். திட்டத்தில் 2 என்று இருப்பது பதிவில் 1.6 என்று இருந்தால், உங்கள் b என்பது 1.6 தான்.

சரி, 2 ஆர்தான் ஜெயித்தது என்று முடித்துவிடலாமா? இன்னும் இல்லை. நாலில் மூன்று என்ற அந்தச் சோதனையில் 31 தேவைப்பட்ட இடத்தில் 29 கிடைத்தது என்று பார்த்தோம். வித்தியாசம் இரண்டே டிரேடு! அடுத்த 100 சிக்னலில் அது எளிதாக மறுபக்கம் சாயலாம். 100 டிரேடில் 41% என்று வந்தால், உண்மையான விகிதம் சுமார் 31-க்கும் 51-க்கும் நடுவே எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 31% என்றால் E மைனஸ் 0.07, 51% என்றால் 0.53. அதாவது இந்த உத்தி லாபமா என்பதே 100 டிரேடில் உறுதியாகவில்லை.

1 ஆரா 2 ஆரா என்ற ஒப்பீடு கொஞ்சம் பரவாயில்லை. ஒரே சிக்னலில் இரண்டையும் பொருத்திப் பார்ப்பதால், இரண்டிலும் ஒரே முடிவு வந்த 42 டிரேடுகள் கழிந்துவிடுகின்றன. மீதியில் 41 தடவை 2 ஆர்க்காரர் ஒரு ஆர் முந்துகிறார், 17 தடவை இரண்டு ஆர் பிந்துகிறார். நிகர வித்தியாசம் ஒரு டிரேடுக்கு 0.07, அதில் தற்செயலாக வரக்கூடிய பிழை சுமார் 0.10. வித்தியாசத்தை விடப் பிழை பெரியது. இதே 0.07 தற்செயல் அல்ல என்று ஓரளவு தைரியமாகச் சொல்ல ஏறக்குறைய 900 சிக்னல்கள் வேண்டும். பேக்டெஸ்ட்டில் 1.8 ஆர், 1.9 ஆர், 2.1 ஆர் என்று நுணுக்கிப் பார்த்து 2.1-ஐத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும். அவர்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த 100 டிரேடின் ஜாதகத்தை.

எக்ஸ்பெக்டன்சி மட்டும் தீர்ப்புச் சொல்லாத இந்த இடத்தில், வேறு இரண்டு விஷயங்கள் முடிவுக்கு உதவும்.

ஒன்று நேரம். எக்ஸ்பெக்டன்சி என்பது ஒரு டிரேடுக்கான சராசரி, ஒரு மாதத்துக்கானது அல்ல. சாய்வில்லாமல் நகரும் விலையில், 2 ஆர் டார்கெட் வைத்த டிரேடு முடிய 1 ஆர் டிரேடைப் போலச் சராசரியாக இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், 3 ஆர் மூன்று மடங்கு. கொஞ்சம் சாமர்த்தியமுள்ள என்ட்ரியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். உங்களிடம் ஒரு நேரத்தில் ஒரு டிரேடுக்குத்தான் இடம், சிக்னலோ கொட்டிக் கிடக்கிறது என்றால், 1 ஆர்க்காரர் 100 டிரேடு முடிக்கும் காலத்தில் 2 ஆர்க்காரர் 50-தான் முடிப்பார். செலவு போக முதலாமவருக்குச் சுமார் 7 ஆர், இரண்டாமவருக்கு 6. டிரேடுக்கு 0.12 என்பது 0.07-ஐ விடப் பெரியதுதான், ஆனாலும் பின்தங்கிவிட்டது. மாறாக, சிக்னல் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது, முந்தையது எப்படியும் முடிந்துவிடுகிறது என்றால் இருவருக்கும் அதே 100 சிக்னல்தான். அப்போது 7-க்கு எதிரே 12. உங்களுக்கு எது பற்றாக்குறை, சிக்னலா, இடமா என்பதைக் கேட்டால் டார்கெட் பாதி முடிவாகிவிடும். ஜர்னலில் ஒவ்வொரு டிரேடும் எத்தனை கேண்டில் நீடித்தது என்று குறித்திருந்தால் மேலே சொன்ன மடங்குகளை நம்ப வேண்டியதில்லை, உங்கள் எண்ணையே போடலாம்.

இன்னொன்று தொடர் தோல்வி. 42% தோற்கும் வழியில் 100 டிரேடுக்குள் வரும் மிக நீண்ட தோல்வி வரிசை வழக்கமாக 5 அளவில் இருக்கும். 59% தோற்கும் வழியில் 7. 71% தோற்கும் வழியில் 10. இவை கெட்ட நேரத்தின் எண்கள் அல்ல, சாதாரண நேரத்தின் எண்கள். 3 ஆர் டார்கெட் வைத்தவர் பத்து தடவை வரிசையாக ஸ்டாப் அடிபட்ட பிறகு பதினோராவது சிக்னலை மறுபேச்சில்லாமல் எடுக்க வேண்டும். அவர் தயங்கி அதை விட்டுவிட்டால், விட்டது 3 ஆர் ஓடிய டிரேடாக இருந்தால், 29-ல் ஒன்று குறைந்து 28. அந்த ஒரே ஒரு தவறலில் 100 சிக்னலுக்கான மொத்தக் கணக்கில் 3 ஆர் போய்விடும். செலவு போக அவருக்கு மிஞ்ச வேண்டியதே 4 ஆர்தான். 1 ஆர்க்காரர் ஒரு வெற்றியைத் தவறவிட்டால் போவது 1 ஆர், மிஞ்ச வேண்டிய 7-ல் இருந்து.

இந்த எண்களை வைத்து நான் எடுக்கும் முடிவு இது. சிக்னல் அரிதாக வரும் உத்தி என்றால் 2 ஆர், ஸ்டாப்பை நகர்த்தாமல். ஒரே நாளில் பல சிக்னல் வந்து இடத்துக்குப் போட்டி போட்டால் 1 ஆர், ஆனால் கமிஷன் இப்போதைய 0.05 ஆரிலிருந்து 0.1 ஆருக்கு ஏறினால் அங்கே மிஞ்சுவது 0.02 மட்டும், அந்த நிலையில் அதைத் தொடமாட்டேன். 3 ஆரை இப்போதைக்கு ஒதுக்கி வைப்பேன், பதிவை மட்டும் நிறுத்தமாட்டேன். அடுத்த சில நூறு சிக்னலிலும் 2 ஆரைத் தொட்டவற்றில் எத்தனை 3 ஆருக்குப் போகின்றன என்று எண்ணிக்கொண்டே வருவேன். நாலில் மூன்றுக்கு மேல் தெளிவாக ஏறினால், ஸ்லிப்பேஜையும் சேர்த்து மறுபடி கணக்குப் போடுவேன்.